மதுரை தெப்பக்குளத்துக்குத் தண்ணி எங்கிருந்து வருது?

தைப்பூசம் என்றால் நமக்கு இங்கே காவடியும் பால்குடமும்தான். மதுரையில் அதே நாளில் மீனாட்சி அம்மனும் சுந்தரேஸ்வரரும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு வந்து தெப்பத்தில் வலம் வருவார்கள். பல வருஷத்துக்கு முன்னால் நாங்கள் சில தொண்டர்கள் சேர்ந்து அங்கே போனோம். குளத்தில் சொட்டுத் தண்ணி இல்லை. நடுவில் மைய மண்டபம் அழகாக நிற்குது, சுற்றிலும் காய்ந்த தரையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய குளம், மழையும் பெய்கிற ஊர், ஏன் காய்ந்து கிடக்குது என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

இந்தக் குளத்தை வெட்டியது 17-ஆம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர். மகால் கட்ட இங்கே மண் எடுத்தார்கள், அப்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்று சொல்வார்கள். ஒரு பக்கம் சுமார் 1000 அடி இருக்கும்.

மேலே இருந்து விழுகிற மழையே குளத்தை நிரப்பிவிடும் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மதுரையில் ஒரு வருஷத்து மழை சுமார் 85 சென்டிமீட்டர், அதாவது மூன்று அடிக்கும் குறைவு. நம்ம ஊரில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த ஊர் வெயில் திறந்த தண்ணியில் இருந்து வருஷத்துக்கு ஐந்து, ஆறு அடி வரைக்கும் குடித்துவிடும். வரவைவிடச் செலவு அதிகம். வானத்தை மட்டும் நம்பினால் அந்தக் குளம் சித்திரையைத் தாண்டாது.

நாயக்கர் காலத்து ஆட்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால் வைகையில் இருந்து பூமிக்கு அடியில் கால்வாய் கொண்டுவந்து குளத்தோடு சேர்த்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மலையில் பெய்தால் வைகை பெருகும். கால்வாய் வாய் ஆற்று மட்டத்துக்கு ஏற்ற மாதிரி இருக்கும், குளம் அதைவிடத் தாழ்வு. பம்ப் எதுவும் வேண்டாம், தண்ணி தானாக ஓடி வரும். பல மைல் தூரத்து மலையில் பெய்த மழைதான் குளத்தில் வந்து நிற்கிறது. தை மாதம் குளம் நிறைந்து இருக்கிற நேரம், தெப்பத்துக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

அதுக்குப் பிறகு ஆனி வரைக்கும் பெரிய வரத்து இல்லை. வெயில் ஒரு நாளைக்கு கால் அங்குலம் எடுக்கும் என்று வைத்தால், ஐந்து மாதத்தில் மூன்று அடி போய்விடும். ஆழமாக வெட்டியிருந்தால் அதைத் தாங்கும். ஆற்றுத் தண்ணி கலங்கலாகத்தான் வரும், அந்த வண்டல் அடியில் படிந்து மண்ணின் துளைகளை அடைக்கும். அதனால் கசிவு மெதுவாக நடக்கும். கசிவது வீணும் இல்லை, சுற்று வட்டாரக் கிணறுகளில்தான் போய் ஊறுகிறது. கரையைச் சுற்றிப் படி கட்டியதுக்கும் காரணம் உண்டு. தண்ணி இறங்க இறங்க நாமும் ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்த் தொடலாம்.

கெட்டுப் போவது எப்படி? முதல் இடம் கால்வாய்தான். மேலே கட்டடம் வரும், குப்பை விழும், சாக்கடை சேரும். இரண்டாவது, ஆற்றில் மணல் அள்ளினால் ஆறு தாழ்ந்துவிடும், கால்வாயின் வாய் உயரத்தில் நின்றுவிடும். ஆற்றில் தண்ணி ஓடினாலும் உள்ளே ஏறாது. மூன்றாவது, தூர் வாருகிறேன் என்று இயந்திரத்தை விட்டு அடியில் படிந்த களிமண்ணையும் சேர்த்து அள்ளிவிடுவது. பேக்டரியில் தொட்டியைக் கழுவுகிறவன் உள்பூச்சையே சுரண்டி எடுத்த மாதிரிதான். அதுக்குப் பயந்து சிமெண்ட் தளம் போட்டால் தண்ணி நிற்கும், ஆனால் பக்கத்துக் கிணறு செத்துப்போகும். இது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

தண்ணி இல்லாத வருஷங்களில் மதுரையில் நிலைத்தெப்பம்தான் நடந்தது. தெப்பம் ஒரே இடத்தில் நிற்கும், சுவாமி கரையைச் சுற்றி வருவார். பிறகு கால்வாயைச் சுத்தம் செய்து, 2020-ஐ ஒட்டி வைகைத் தண்ணி மறுபடி உள்ளே வந்தது. கரையில் நின்று பக்தர்கள் வடம் இழுக்க தெப்பம் மிதந்து போகிற வீடியோவை நம்ம குழுவில் பார்த்தபோது, வயசான அம்மாக்கள் சிலர் கண் கலங்கினார்கள்.

இந்த வருஷம் மதுரைக்குப் போகிறவர்கள் தண்ணி தொடுகிற இடத்தில் ஒரு படியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மழையில்லாத நான்கு நாள் கழித்துப் பாருங்கள். ஓர் அங்குலம் இறங்கியிருந்தால் அது வெயில் எடுத்தது. ஒரு சாண் இறங்கியிருந்தால் தண்ணி அடியில் போகுது.