விளம்பரத்தின் கீழே எழுதுகிறவர்களுக்கு என்ன பதில்?

ஸ்காபரோவில் கலியாண வீடுகளுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கை நாம் பார்த்து வருகிறோம். ஒரு கோடையில் அவர்கள் நாளொன்றுக்கு 20 டொலர் வீதம் 3 கிழமை முகநூலில் கட்டண விளம்பரம் போட்டார்கள். செலவு 420 டொலர். வந்த ஓடர் இரண்டே இரண்டு. "அண்ணை, இந்தக் காசை இனியும் போடவேணுமோ?" என்று அந்த வீட்டுத் தங்கச்சி கேட்டார்.

விளம்பரத்தைத் திறந்து பார்த்தபோது கீழே 41 பின்னூட்டங்கள் கிடந்தன. ஒன்றுக்கும் பதில் இல்லை. அவை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஏன் கண்ணில் படவில்லை?

விளம்பரமாகவே புதிதாக உருவாக்கப்படும் பதிவு, கடையின் முகநூல் பக்கத்தில் தோன்றாது. காசு கொடுத்து யாருக்குக் காட்டச் சொன்னோமோ அவர்களுக்கே தெரியும். கடைக்காரர் தன் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒருவரும் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்வார். அதே விளம்பரத்தைப் பிரதி எடுத்து மூன்று ஊர்களுக்கு விட்டால் மூன்று தனிப் பதிவுகள் உருவாகலாம். பின்னூட்டங்களும் மூன்று இடங்களில் சிதறும். இதைத் தவிர்க்க, புதிய விளம்பரம் செய்யும்போது Use existing post என்பதைத் தெரிவு செய்து, முதற்பதிவையே மீண்டும் பயன்படுத்த வேண்டும். வந்தவற்றைப் பார்க்க Meta Business Suite என்ற செயலியின் Inbox பகுதிக்குப் போகலாம். விளம்பரம் ஓடும் நாட்களில் காலையும் இரவும் ஒரு தடவை பார்த்தால் போதும்.

விலை கேட்பவர்கள்

அந்த 41இல் 17 பேர் விலைதான் கேட்டிருந்தார்கள். எம்மவரில் பலர் இதற்கு "இன்பொக்ஸ் பாருங்கோ" என்று எழுதிவிடுவார்கள். அதனால் அடுத்தவரும் அதே கேள்வியைக் கேட்க வேண்டி வருகிறது. ஆளுக்கு ஆள் விலை மாற்றுகிறார்களோ என்ற சந்தேகமும் எழுகிறது. விலையை எல்லோரும் காண எழுதுவதே நல்லது.

ஆனால் எழுதும் விலை முழு விலையாக இருக்க வேண்டும். சாப்பாடு ஆளுக்கு 18 டொலர், கட்டாயப் பரிமாறல் கட்டணம் ஆளுக்கு 2 டொலர் என்றால், பின்னூட்டத்தில் 18 என்று எழுதக்கூடாது. 20 என்றே எழுத வேண்டும். கட்டாயக் கட்டணத்தைப் பிறகு சேர்ப்பது தவறு என்று கனடாவின் போட்டிச் சட்டம் 2022 யூன் மாதத்திலிருந்து வெளிப்படையாகவே சொல்கிறது. சினிப்ளெக்ஸ் நிறுவனம் இணையத்தில் விற்ற ரிக்கற்றுகளுக்கு 1.50 டொலர் முன்பதிவுக் கட்டணம் சேர்த்ததற்காக, 2024 செப்டெம்பரில் போட்டி நியாயசபை அதற்கு 38.9 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது.

அரசு விதிக்கும் விற்பனை வரியைத் தனியாகச் சொல்லலாம். "100 பேருக்கு 2,000 டொலர், 13 வீத வரி 260, மொத்தம் 2,260" என்று எழுதினால் கேள்விக்கு இடமில்லை. ஆனால் வரிக்குப் பதிவு செய்யாதவர் "வரி தனி" என்று எழுதவே கூடாது. அந்த வரியை அறவிட அவருக்கு உரிமை இல்லை.

முறைப்பாட்டை மறைக்கலாமா?

நான்கு முறைப்பாடுகள் இருந்தன. அவற்றில் ஒன்று: "மண்டபம் சரிவராமல் ரத்துச் செய்தோம். 300 டொலர் முற்பணம் இரண்டு மாதமாகத் திரும்பி வரவில்லை." வீட்டுக்காரர் அதை உடனே மறைக்கச் சொன்னார். Hide என்ற பொத்தான் என்ன செய்கிறது என்பதை நாம் அவருக்கு விளங்கப்படுத்தினோம். மறைத்த பின்னூட்டம் மற்றவர்களுக்குத் தெரியாது. எழுதியவருக்கும் அவருடைய முகநூல் நண்பர்களுக்கும் தொடர்ந்து தெரியும். ஸ்காபரோவில் எழுதியவரின் நண்பர்கள் யார்? ஒரே ஊர்ச் சங்கம், ஒரே கோயில், ஒரே பழைய மாணவர் சங்கம். அடுத்த கலியாணத்துக்குச் சாப்பாடு தேடப் போகிறவர்கள் அவர்கள்தான். மறைத்தால் அவர்களுக்கு முறைப்பாடு தெரியும், பதில் மட்டும் இராது.

கணக்கேட்டைத் திறந்தோம். அந்த 300 டொலர் திருப்பிக் கொடுக்க வேண்டிய முற்பணமாக அங்கேயே நின்றது. அந்த அம்மா எழுதியது உண்மை. அன்றே காசை அனுப்பிவிட்டுக் கீழே எழுதினார்கள்: "அக்கா, பிழை எங்களுடையது. இன்று அனுப்பிவிட்டோம். கிடைக்காவிட்டால் எங்களுக்குத் தனியாக எழுதுங்கோ." தொகை, தொலைபேசி இலக்கம், கலியாணத் திகதி எதையும் பொதுவில் சொல்லவில்லை. அடுத்த நாள் அவரே "கிடைத்தது" என்று எழுதினார். முறைப்பாட்டை அழிக்கும்படி அவரிடம் கேட்கவில்லை. இப்போது அதை வாசிப்பவர் பதிலையும் சேர்த்தே வாசிக்கிறார்.

அழிக்க வேண்டியவை

மூன்று பின்னூட்டங்கள் சாப்பாட்டைப் பற்றியவையே அல்ல. ஒருவர் இன்னொருவரின் பெயரைச் சொல்லித் துரோகி என்று எழுத, சண்டை தொடங்கியிருந்தது. எங்கள் நிலையில் அந்தச் சொல் ஊரில் இருக்கும் உறவினரையும் தொடக்கூடியது. இதில் சட்டமும் உண்டு. அயலவரைப் பழித்து முகநூலில் எழுதிய ஒருவர், அதன் கீழே தன் நண்பர்கள் எழுதிய அவதூறுக்கும் பொறுப்பாளி என்று 2016இல் பிரிட்டிஷ் கொலம்பிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்டும் நீக்காமல் விட்டது அவருக்கு எதிராக எடுக்கப்பட்டது. ஆகவே பெயர் சொல்லித் தூற்றுவதைத் திரைப்படம் எடுத்து வைத்துவிட்டு அழித்துவிட வேண்டும். மறைத்தால் போதாது.

கடன் தருகிறோம், வீசா எடுத்துத் தருகிறோம் என்ற குப்பைகள் எட்டு. அவற்றை அழித்து, எழுதிய கணக்கையும் தடை செய்ய வேண்டும். இதைவிட ஆபத்தானது போலிக் கணக்கு. கடையின் பெயரையும் படத்தையும் திருடி, விலை கேட்டவருக்குக் கீழே "வட்ஸ்அப்பில் வாருங்கள், முற்பணம் அனுப்புங்கள்" என்று எழுதுவார்கள். பெயரை அழுத்திப் பார்த்தால் புதிதாகத் தொடங்கிய வெறும் பக்கம் திறக்கும். விலைக் கேள்விக்கு நீங்கள் விரைவாகப் பதில் சொன்னால் இவர்களுக்கு வாய்ப்புக் குறைவு.

சில சொற்கள் வந்தால் தானாக மறைக்கும் வசதி பக்க அமைப்பில் உண்டு. தமிழில் ஒரே சொல் பல வடிவில் வரும்; ஆங்கில எழுத்திலும் வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். "காசு", "ஏமாற்று" போன்ற சொற்களைச் சேர்க்க வேண்டாம். சேர்த்திருந்தால் அந்த 300 டொலர் முறைப்பாடு போன்ற ஒன்று கடைக்காரர் கண்ணில் படாமல் போயிருக்கும். மறைந்தவற்றைக் கிழமைக்கு ஒரு தடவையாவது பாருங்கள்.

சொந்தக்காரரின் பாராட்டு

மீதி ஒன்பதும் பாராட்டு. அவற்றில் ஐந்து சகோதரங்களும் மச்சான்மாரும் எழுதியவை. பெல் கனடா ஊழியர்கள் தாங்கள் யார் என்று சொல்லாமல் நிறுவனத்தின் செயலிகளுக்கு நல்ல மதிப்பீடு எழுதியதற்காக, 2015இல் அந்நிறுவனம் 1.25 மில்லியன் டொலர் கட்ட உடன்பட்டது. ஆகவே உறவினரிடம் சொன்னோம்: எழுதுவதென்றால் "என் தங்கச்சியின் கடை" என்று சேர்த்து எழுதுங்கள், அல்லது நீக்கிவிடுங்கள். நான்கு பேர் நீக்கினார்கள். தாய்மாமன் மட்டும் "என் மருமகளின் கைச்சமையல்" என்று திருத்தினார். அந்த வரி இன்னும் அங்கே இருக்கிறது.