இருமல் சிரப் குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா? தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் என்ன ஆகும்?

இருமலுக்கு ஒரு மூடி சிரப், உடம்பு தேற இரண்டு ஸ்பூன் அரிஷ்டம். பல வீடுகளில் இதை யாரும் யோசித்துப் பார்ப்பதே இல்லை. ஆனால் இந்த பாட்டில்கள் சிலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது. வண்டி ஓட்டுபவர்களும் தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சிரப்பில் ஆல்கஹால் எதற்கு?

தண்ணீரில் சரியாகக் கரையாத மருந்துகளைக் கரைக்கவும், மருந்து கெடாமல் இருக்கவும் சில சிரப்களில் ஆல்கஹால் சேர்க்கிறார்கள். அரிஷ்டம், ஆசவம் போன்ற ஆயுர்வேத டானிக்குகளில் யாரும் தனியாக ஊற்றுவதில்லை. வெல்லத்தோடு சேர்த்துப் புளிக்க வைக்கும்போது அதுவாகவே உருவாகிறது. பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும்.

இதனால் போதை வருமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒரு டிரைவர், 5 சதவீத ஆல்கஹால் உள்ள சிரப்பை 10 மி.லி. குடிக்கிறார். உள்ளே போவது அரை மி.லி. ஆல்கஹால்தான். 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 1 மில்லிகிராம் மட்டுமே ஏறும். சட்டப்படி வரம்பு 30 மில்லிகிராம்.

அதே நபர் 10 சதவீத அரிஷ்டம் 30 மி.லி. குடித்தால் சுமார் 6 மில்லிகிராம். இதுவும் வரம்புக்குள்தான். ஆனால் "உடம்புக்கு நல்லதுதானே" என்று 450 மி.லி. பாட்டிலில் பாதியை ஒரே நேரத்தில் காலி செய்தால், 22 மி.லி.க்கு மேல் ஆல்கஹால் உள்ளே போகும். ஒரு ஸ்மால் பெக் விஸ்கியில் இருப்பதே 13 மி.லி. அளவுதான். ரத்தத்தில் 40 மில்லிகிராமைத் தாண்டிவிடும்.

அப்படியென்றால் சரியான அளவில் குடித்தால் பயமில்லையா?

ஆல்கஹாலை மட்டும் பார்த்தால் பெரிதாகப் பயமில்லை. சிக்கல், அதோடு கூட இருக்கும் மருந்தில். இருமல், சளி சிரப்கள் பலவற்றில் குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமைன் போன்ற அலர்ஜி மருந்துகள் இருக்கும். இவை மூளைக்குள் போய், நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமைனைத் தடுக்கின்றன. கொடீன் உள்ள சிரப்களும் தூக்கத்தைக் கொடுக்கும்.

குளோர்பெனிரமைன் உடம்பைவிட்டுச் சீக்கிரம் போகாது. ராத்திரி குடித்ததன் மந்தம் காலையில் ஸ்டியரிங் பிடிக்கும்போதும் இருக்கலாம். ஊதிப் பார்க்கும் கருவியில் இது தெரியவே தெரியாது. கருவி காட்டுவது ஆல்கஹாலை மட்டும்தான்.

தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு என்ன ஆபத்து?

அல்பிரசோலம், டயஸிபம், குளோனசிபம், ஜோல்பிடம் போன்ற மாத்திரைகள், மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகின்றன. ஆல்கஹாலும் அதையேதான் செய்கிறது. சிரப்பில் உள்ள அலர்ஜி மருந்து இன்னொரு வழியில் தூக்கத்தைக் கொண்டுவரும். மூன்றும் ஒரே ராத்திரியில் சேர்ந்தால், ஒவ்வொன்றும் சரியான அளவில் இருந்தாலும் மந்தம் கூடும். வயதானவர்கள் பாத்ரூம் போக எழும்போது தடுமாறி விழுவது இப்படித்தான். கொடீன் சிரப்பும் சேர்ந்தால் மூச்சு விடுவதே குறையக்கூடும்.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில் ஆல்கஹால் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அதன் அளவை லேபிளில் போட வேண்டும். அரிஷ்டங்களில் 'தானாக உருவான ஆல்கஹால்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும். 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதியிருந்தால் ஆல்கஹாலும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு. 'தூக்கம் வரலாம், வாகனம் ஓட்டாதீர்கள்' என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

போலீஸ் சோதனையில் மாட்டுவோமா?

சிரப் குடித்த உடனே ஊதினால், வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹாலால் கருவி அதிகமாகக் காட்டலாம். 15 நிமிடத்தில் அது போய்விடும். மறுபடியும் சோதிக்கும்படி கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு மதுவுக்கு மட்டுமானதில்லை. மருந்தின் பாதிப்பால் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டினாலும் குற்றம்தான். முதல் முறை மாட்டினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

என்ன செய்யலாம்?

மருந்துக் கடையில் சிரப் கேட்கும்போதே, "வண்டி ஓட்டுறேன்", "தூக்க மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஆல்கஹால் இல்லாத, தூக்கம் வராத சிரப்களும் கிடைக்கின்றன. பாட்டிலோடு வரும் மூடியில் அளந்து மட்டும் குடியுங்கள். சிரப்புக்காகத் தூக்க மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் சொல்லி சிரப்பை மாற்றிக்கொள்வதே சரி.

ஓட்டும்போது அடிக்கடி கொட்டாவி வருகிறதா? கடந்து வந்த கடைசி ஒரு கிலோமீட்டர் ஞாபகத்தில் இல்லையா? உடனே வண்டியை ஓரம் கட்டுங்கள். வீட்டில் யாராவது எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாக வந்தால் காலைவரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். குடித்த பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.