பண அளிப்பு: ரொக்கம் முதல் எம்-3 வரை

ஒரு நாட்டின் பொதுமக்கள் ஒரு குறிப்பிட்ட தினத்தில் கையில் ரொக்கமாகவும் வங்கிகளில் டெபாசிட்டாகவும் வைத்திருக்கும் பணத்தின் மொத்தமே பண அளிப்பு எனப்படும். இது ஒரு தினத்தின் இருப்பைச் சொல்லுவது. ஓர் ஆண்டின் வருமானத்தையோ உற்பத்தியையோ சொல்லுவதன்று. இங்கே பொதுமக்கள் என்னும்போது தனி மனிதர்களும், வியாபார ஸ்தாபனங்களும், உள்ளாட்சி மன்றங்களும் அடங்குவர். மத்திய, மாநில அரசுகள் ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் இருப்பும், வங்கிகளின் பெட்டகத்தில் கிடக்கும் ரொக்கமும், ஒரு வங்கி மற்றொரு வங்கியில் போட்டு வைத்திருக்கும் தொகையும் அடங்கா. வங்கிப் பெட்டகத்து நோட்டு விலக்கப்படுவதன் நியாயம் எளிது: அந்த நோட்டைக் கொண்டுவந்து செலுத்தியவரின் கணக்கில் அது டெபாசிட்டாக ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டது, அதை ரொக்கமாகவும் எண்ணினால் ஒரே பணம் இரு முறை கணக்கேறிவிடும்.

இந்தியாவில் இப்போது வழங்கும் அளவைகள், ரிசர்வ் வங்கியின் இரண்டாவது பண அளிப்புக் குழுவின் ஆலோசனையை ஒட்டி 1977-இல் நிலைபெற்றவை. பொதுமக்கள் கையிலுள்ள நோட்டு, நாணயம், வங்கிகளில் கேட்டவுடன் தரவேண்டிய டெபாசிட்டுகள், ரிசர்வ் வங்கியிடமுள்ள 'இதர டெபாசிட்' என்னும் சிறு தொகை ஆகியவை சேர்ந்தது எம்-1. இதைக் குறுகிய பணம் என்பர். எம்-1 உடன் வங்கிகளின் தவணை டெபாசிட்டுகளைச் சேர்த்தால் எம்-3 என்னும் விரிந்த பணம் கிடைக்கிறது. இடையிலுள்ள எம்-2, கடைசியிலுள்ள எம்-4 ஆகிய இரண்டும் அஞ்சலக டெபாசிட்டுகளைச் சேர்த்துக்கொள்பவை. ஆராய்ச்சியாளர் அவற்றை அரிதாகவே எடுத்துக்கொள்கின்றனர். ஒய்.வி. ரெட்டி தலைமையில் அமைந்த மூன்றாவது குழு 1998-இல் புதிய வரிசை ஒன்றை வகுத்து, அஞ்சலகச் சேமிப்பைப் பணத்தின் வரம்பிலிருந்து நீக்கியது. எனினும் பழைய எம்-1, எம்-3 ஆகியவையே இன்றும் பேச்சிலும் எழுத்திலும் நிலைத்திருக்கின்றன.

நடப்புக் கணக்கு முழுவதும் எம்-1-ஐச் சேரும், நிரந்தர டெபாசிட் எம்-3-இல் மட்டுமே இடம்பெறும், இவ்விரண்டிலும் ஐயமில்லை. சேமிப்புக் கணக்குதான் நடுவே நிற்கிறது. நினைத்தபோது பணம் எடுக்கலாம் என்பதால் அது கேட்பு டெபாசிட்டைப் போன்றது. பெரும்பகுதி மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பதால் தவணை டெபாசிட்டையும் போன்றது. ஆகவே வங்கிகள் அரையாண்டுதோறும் ஒரு பிரிவினை செய்கின்றன. ஒவ்வொரு மாதத்திலும் கணக்குகளில் இருந்த மிகக் குறைந்த இருப்பின் சராசரி எவ்வளவோ அவ்வளவு தவணைப் பகுதி. உண்மையான சராசரி இருப்பில் அதற்கு மேற்பட்டது கேட்புப் பகுதி. சேமிப்புக் கணக்குப் பணம் முழுவதும் எம்-1 என்று எண்ணிக்கொண்டு அந்த எண்ணைப் படிப்பவர்கள் தவறான முடிவுக்கு வருவது இதனால்தான்.

இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக எம்-0 அல்லது ஆதாரப் பணம் என்பது ஒன்று உண்டு. புழக்கத்திலுள்ள நோட்டு, நாணயம் யாவும் (வங்கிப் பெட்டகத்திலுள்ளதும் இதில் சேரும்), வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் இருப்பும், மேற்சொன்ன இதர டெபாசிட்டும் கூடியது அது. ஆதாரப் பணத்தை ரிசர்வ் வங்கியும், சில்லறை நாணயத்தைப் பொறுத்தவரை அரசும் படைக்கின்றன; எம்-3-இன் பெரும்பகுதியையோ வணிக வங்கிகள் தாம் கடன் கொடுக்கும் செயலாலேயே படைக்கின்றன. வங்கி என்பது ஒருவர் போட்ட பணத்தை எடுத்து மற்றொருவருக்குக் கொடுக்கும் தரகு நிலையம் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், இந்தச் சிருஷ்டி எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஓர் உதாரணக் கணக்கால் காட்டுவது அவசியம்.

தஞ்சை மாவட்டத்து அரிசி ஆலைக்காரர் ஒருவருக்கு அவருடைய வங்கி ரொக்கக் கடன் வரம்பு அளித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுவடைக் காலத்தில் அவர் கும்பகோணத்து நெல் வியாபாரிக்கு 10 லட்சம் ரூபாய்க்குக் காசோலை கொடுக்கிறார். வியாபாரியின் கணக்கு வேறொரு வங்கியில் உள்ளது. காசோலை தீர்ந்த அன்று ஆலைக்காரரின் கடன் கணக்கில் 10 லட்சம் பற்றாகிறது. வியாபாரியின் நடப்புக் கணக்கில் 10 லட்சம் வரவாகிறது. நாட்டில் வேறு எவருடைய டெபாசிட்டிலும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆகவே அன்றைய மாலையில் எம்-1, எம்-3 இரண்டும் 10 லட்சம் கூடிவிட்டன. முதல் வங்கி ரிசர்வ் வங்கியில் வைத்திருந்த இருப்பிலிருந்து 10 லட்சம் இரண்டாம் வங்கியின் இருப்புக்கு மாறியது; கை மாறியதேயன்றி ஆதாரப் பணத்தின் மொத்தம் மாறவில்லை.

மறுநாள் வியாபாரி விவசாயிகளுக்குக் கொடுப்பதற்காக 3 லட்சத்தை ரொக்கமாக எடுக்கிறார். டெபாசிட் 3 லட்சம் குறைந்து, பொதுமக்கள் கை ரொக்கம் 3 லட்சம் கூடியதால் எம்-1-உம் எம்-3-உம் அப்படியே நிற்கின்றன. பிறகு 4 லட்சத்தை ஓராண்டு நிரந்தர டெபாசிட்டாக மாற்றுகிறார். இப்போது புதிதாகத் தோன்றிய பணத்தில் எம்-1-இன் பங்கு 6 லட்சமாகச் சுருங்குகிறது. எம்-3 மட்டும் 10 லட்சமாகவே இருக்கிறது. இனி இரண்டாம் வங்கியின் நிலையைக் கவனிக்கலாம். அதற்கு வந்த 10 லட்சத்தில் ரொக்கமாகச் சென்றது போக 7 லட்சம் மிச்சம். ரொக்க இருப்பு விகிதம் 4 சதவீதமானால், 7 லட்ச ரூபாய் டெபாசிட்டுக்காக 28,000 ரூபாயை அது ரிசர்வ் வங்கியில் முடக்கவேண்டும். எஞ்சிய 6 லட்சத்து 72 ஆயிரம், அது மற்றொருவருக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடன் காசோலையாக வேறு வங்கிக்குப் போய்ச் சேரும்போது ஈடுகட்டுவதற்கு உதவும். இவ்வாறு ஒவ்வொரு சுற்றிலும் புதிய கடனும் புதிய டெபாசிட்டும் பிறக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் மக்கள் ரொக்கமாக எடுத்துக்கொள்ளும் பகுதியும் இருப்பாக முடங்கும் பகுதியும் கசிந்துவிடுவதால் சுற்றுகள் வரவரச் சிறுத்து ஓய்கின்றன.

அந்தக் கசிவுகளின் அளவே பணப் பெருக்கி எனப்படும் விகிதத்தை நிர்ணயிக்கிறது. நூறு ரூபாய் டெபாசிட்டுக்கு மக்கள் 15 ரூபாயை ரொக்கமாகவும், வங்கிகள் 5 ரூபாயை இருப்பாகவும் வைத்தால், 20 ரூபாய் ஆதாரப் பணத்தின் மேல் 115 ரூபாய் எம்-3 நிற்கிறது; பெருக்கி 5.75. மக்கள் ரொக்கத்தை 20 ரூபாயாக உயர்த்திக்கொண்டால், 25 ரூபாய் ஆதாரத்தின் மேல் 120 ரூபாய்தான் நிற்கும், பெருக்கி 4.8 ஆகிவிடும். ரொக்கத்தில் மக்களுக்குள்ள விருப்பம் சிறிது மாறினாலும் பண விருத்தி எவ்வளவு மாறும் என்பதற்கு இது சான்று.

கதை இங்கே முடிவதில்லை. ஆலைக்காரர் அரிசியை விற்று, மொத்த வியாபாரி தம் நடப்புக் கணக்கிலிருந்து அனுப்பிய 11 லட்சத்தை ரொக்கக் கடன் கணக்கில் செலுத்துகிறார். வட்டியை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதில் 10 லட்சம் கடனை அடைத்து மறைகிறது. எம்-3-உம் அந்த அளவுக்குக் குறைகிறது. மிச்சமுள்ள 1 லட்சம் மட்டுமே ஆலைக்காரரின் வரவு இருப்பாகப் பணமாய் நீடிக்கிறது. கடன் கொடுக்கும்போது பணம் பிறக்கிறது; கடன் தீரும்போது அது அழிகிறது. ஆகையால் எம்-3 வளர்வதற்குக் கடன் கொடுக்கப்பட்டால் மட்டும் போதாது. பழைய கடன்கள் தீர்வதைக் காட்டிலும் வேகமாகப் புதிய கடன்கள் எழவேண்டும். நிரந்தர டெபாசிட்டை முறித்துப் பங்கு வாங்குபவர் வங்கிகளின் பணத்தைக் குறைத்துவிட்டார் என்பதும் பிழையே. அந்தப் பணம் பங்கை விற்றவரின் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

ரிசர்வ் வங்கி இருவாரக் கணக்கில் எம்-3-இன் உறுப்புகளை ஒரு புறமும், அதன் மூலங்களை மறு புறமும் பிரசுரிக்கிறது. அரசுக்கு வங்கித் துறை அளித்த நிகரக் கடன், வணிகத் துறைக்கு அளித்த கடன், வங்கித் துறையின் நிகர அந்நியச் செலாவணிச் சொத்து, அரசின் நாணயப் பொறுப்பு ஆகியவற்றைக் கூட்டி, வங்கிகளின் மூலதனம் முதலிய பணமல்லாத பொறுப்புகளைக் கழித்தால் அதே எம்-3 வரும். வங்கிக் கடன் முதன்மையான மூலமாயினும் ஒரே மூலம் அன்று என்பது இந்தப் பட்டியலால் விளங்கும். வெளிநாட்டு டாலர்களை ரிசர்வ் வங்கி வாங்கினாலும், வங்கிகள் அரசுப் பத்திரங்களை வாங்கினாலும் பணம் பெருகும்.

பெருக்கி என்பது தானே இயங்கும் விதியன்று என்பதை 2016-ஆம் ஆண்டு அனுபவம் தெளிவாக்கியது. அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. அவற்றின் மதிப்பு சுமார் 15.4 லட்சம் கோடி ரூபாய். அவற்றில் 99.3 சதவீதம் வங்கிகளுக்குத் திரும்பியதாக ரிசர்வ் வங்கி பின்னர்க் கணக்குக் காட்டியது. புதிய நோட்டுகள் வந்து சேர்ந்தது போக, 2017 ஜனவரி 6-ஆம் தேதிவரை புழக்கத்திலுள்ள நோட்டு, நாணயம் சுமார் 9 லட்சம் கோடி ரூபாய் குறைந்தது. கை ரொக்கம் கரைந்ததால் எம்-1 சரிந்தது. ஆனால் அதே தொகை பெரிதும் டெபாசிட்டாக மாறியதால் எம்-3 அவ்வாறு சரியவில்லை. வங்கிகளிடம் இருப்பு வெள்ளமெனப் பெருகியபோதும் கடன் வளரவில்லை. வியாபாரம் தளர்ந்திருந்தது, வராக்கடன் சுமை வங்கிகளின் மூலதனத்தை அழுத்தியது, கடன் கேட்பவரும் குறைவு. செப்டம்பர் 16 முதல் நவம்பர் 11 வரை கூடிய டெபாசிட் முழுவதையும் தன்னிடம் வைக்கும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, இரண்டு வாரத்துக்குப் பின் அதைத் திரும்பப் பெற்றது; சந்தை நிலைநிறுத்தத் திட்டப் பத்திரங்களின் வரம்பை 6 லட்சம் கோடியாக உயர்த்தி, மிகுந்து கிடந்த இருப்பை உறிஞ்சியது. கையில் இருப்பு இருப்பதனால் மட்டும் வங்கி கடன் கொடுத்துவிடுவதில்லை. நம்பத்தக்க கடனாளியும் போதிய மூலதனமும் வேண்டும் என்று இந்நூற்றாண்டில் இதனினும் தெளிவாக நம் நாட்டில் எதுவும் காட்டவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இந்தக் கணக்குகளைப் படிப்பவர் இரண்டு இடங்களில் ஏமாறக்கூடும். முதலாவது, ஆண்டிறுதி: மார்ச் 31-ஆம் தேதி ஐந்தொகையை அழகுபடுத்திக்கொள்ள வங்கிகள் டெபாசிட்டையும் கடனையும் பெருக்கிக் காட்டுவதும், ஏப்ரலில் அவை வடிவதும் பழகிப்போன நிகழ்ச்சி. இரண்டாவது, நிறுவன இணைப்பு. 2023 ஜூலை 1-ஆம் தேதி எச்.டி.எஃப்.சி. என்னும் வீட்டுக் கடன் நிறுவனம் அதே பெயருடைய வங்கியோடு இணைந்தபோது, அதுவரை வங்கிக் கடனாக எண்ணப்படாத அதன் வீட்டுக் கடன்கள் ஒரே நாளில் வங்கிக் கடனாயின. அது பெற்றிருந்த பொது டெபாசிட்டுகளும் வங்கி டெபாசிட்டுகளாயின. அன்று எவரும் புதிதாகக் கடன் வாங்கிவிடவில்லை. ரிசர்வ் வங்கி வளர்ச்சி வீதத்தை இணைப்புடன் ஒன்றாகவும் இணைப்பு நீங்கலாக மற்றொன்றாகவும் வெளியிட்டது. அதற்குப் பிந்தைய ஓராண்டின் கடன் வளர்ச்சியை அறிய விரும்புவோர் இணைப்பு நீங்கலான எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.