விக்கிரவாண்டியும் மூன்றாம் தொனியும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டும் விக்கிரவாண்டியும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டு பெயர்ப்பலகையிலும் இருப்பது ஒரே ட. கூட்டேரிப்பட்டில் அது இரட்டித்து வல்லென்று ஒலிக்கிறது. விக்கிரவாண்டியிலோ முன்னால் ண் நிற்பதால் மெலிகிறது, திண்டிவனத்திலும் அப்படித்தான். ஆங்கிலப் பலகை இதற்கு இரண்டு எழுத்துகளைச் செலவிடுகிறது. தமிழ் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மீதியைப் படிப்பவர் வாயிடம் விட்டுவிடுகிறது.

மாண்டரின் சீனத்துக்காக 1958இல் சீன அரசு ஏற்ற பின்யினிலும் தொனிக்குறிகள் ஏறக்குறைய இதே பழக்கம் உள்ளவை. ā உயரத்திலேயே நிற்கும், á ஏறும், ǎ தாழும், à சரிந்து விழும். குறியில்லாத அசையைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டுப் போகலாம். இவற்றில் தொல்லை தருவது மூன்றாவதுதான். அதன் குறி பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோல் வரையப்பட்டிருப்பதால், புதிதாகப் படிப்பவர் ஒவ்வொரு முறையும் இறக்கி ஏற்றுகிறார். அந்த ஏற்றம், அசை தனித்தோ பேச்சின் நிறுத்தத்திலோ வரும்போது மட்டும்தான். hěn máng என்பதில் hěn தாழ்வாகவே நின்றுவிட வேண்டும்.

இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாகிவிடும். nǐ hǎo என்று எழுதி ní hǎo என்று வாசிக்கிறோம்.

ஒப்புமை இவ்வளவுதான், இதற்கு மேல் தமிழ்ப் பழக்கத்தை நம்பினால் வழி தவறும். ட மெலிவது பெரும்பாலும் சொல்லுக்குள் நடக்கிற சங்கதி, அதனால் வேறொரு சொல் பிறப்பதும் இல்லை. சீனத்தில் மாறிய தொனி இன்னொரு சொல்லின் தொனியாகவே இருந்துவிடலாம். mǎi mǎ என்றால் குதிரை வாங்குவது, mái mǎ என்றால் குதிரையைப் புதைப்பது. வாசிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். எனவே மூலத்தொனியையே எழுதுவது சோம்பல் அல்ல. எது வாங்குவது, எது புதைப்பது என்று கண்ணுக்காவது தெரிகிறது.

சீன விதி சொல் எல்லையையும் தாண்டுகிறது. மூச்சு எங்கே பிரிகிறது என்பதையும் பார்க்கிறது. 'நானும் மிக நலம்' என்பதற்கான wǒ yě hěn hǎo முழுக்க மூன்றாம் தொனி. நிதானமாக இரண்டிரண்டாகப் பிரித்தால் wó yě, hén hǎo. நடுவிலுள்ள yě தாழ்ந்தே நிற்கும். விரைவாக ஒரே மூச்சில் சொன்னால் wó yé hén hǎo. இரண்டும் சரி. கடைசி அசையைத் தவிர எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுபவரின் நிதானமான வாசிப்பு, நடுவில் இடைவெளி விட்டும் yé என்று தூக்குவதால், காதுக்குப் பிசகாகப் படும்.

பாடநூல் கையில் கிடைத்ததும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். bù என்ற மறுப்புச் சொல், நான்காம் தொனிக்கு முன் bú ஆகும். எழுத்து நெறிப்படி bù shì என்றே அச்சிட வேண்டும். ஆனால் மாணவருக்காகச் சில நூல்கள் bú shì என்று மாற்றியே போடுகின்றன. முதல் வகை நூலில் மாற்றம் நம் பொறுப்பு, இரண்டாவதில் அச்சானபடியே வாசிக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது வகையிலும் nǐ hǎo பெரும்பாலும் nǐ hǎo என்றேதான் அச்சாகியிருக்கும்.