ஏஐ வீடியோவில் பின்னணி மினுக்குதா? காட்சியைச் சுருக்கிப் பாருங்க!

ஏஐ வீடியோவில் பின்னணி மினுக்குவதும், மேசையில் உள்ள டம்ளர் மெல்ல கிண்ணமாக மாறுவதும் ஏன்?

ஏஐ ஒவ்வொரு பொருளையும் தனியாக நினைவில் வைப்பதில்லை, ஊகித்தே வரைகிறது. சின்னப் பொருட்கள் கூடினால், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஊகம் தடுமாறும்.

என்ன செய்யலாம்?

‘கூட்டமான சந்தையில் டீ ஆற்றும் மாஸ்டர், சுற்றி வரும் கேமரா’ என்பதை இப்படி மாற்றுங்க: ‘வெற்றுச் சுவர் முன் டீ ஆற்றும் மாஸ்டர், அசையாத கேமரா, சீரான பகல் வெளிச்சம்.’ ‘கூட்டம் வேண்டாம்’னு எழுதாதீங்க, அந்தச் சொல்லே சில செயலிகளில் கூட்டத்தைக் கொண்டுவந்துடும்.

சரியானதா?

முதல் ஃப்ரேமையும் கடைசி ஃப்ரேமையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒப்பிடுங்க. சுவரும் டம்ளரும் மாறாமல் இருக்கணும். மினுக்கல் இடையிலும் வரலாம், அதனால் வீடியோவை முழுசா ஓட்டியும் பாருங்க. ஆனால், அசையும் கையும் ஊற்றும் டீயும் அப்பவும் உருமாறலாம். அதற்கு கிளிப்பின் நீளத்தைக் குறைப்பது ஒரு வழி.