காணொளி வழியாக வங்கிக் கணக்கு: அடையாள அட்டை எங்கே இடறுகிறது?

வங்கிக் கிளைக்குப் போகாமலே கைத்தொலைபேசியில் சேமிப்புக் கணக்குத் திறக்கும் வசதியை இலங்கையின் பல வங்கிகள் இப்போது தருகின்றன. ஆட்பதிவுத் திணைக்களத்தின் தரவுகளோடு ஒப்பிட்டு, வாடிக்கையாளரை நேரில் காணாமலே அடையாளம் உறுதிப்படுத்துவதற்கான வழிகாட்டலை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு 2020இல் வெளியிட்டது. ஆகவே, காணொளியில் உங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரைத் திருப்திப்படுத்துவது மட்டும் போதாது. உங்கள் அட்டையில் உள்ள விபரம் திணைக்களத்தின் பதிவோடும் பொருந்த வேண்டும். எங்கள் பகுதிகளில் விண்ணப்பங்கள் இடறக்கூடிய இடம் பெரும்பாலும் இதுதான்.

நடைமுறை ஏறத்தாழ எல்லா வங்கியிலும் ஒன்றே. வங்கியின் செயலியில் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தால் ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியாக வரும். அதன் பின் அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து, உங்கள் முகத்தையும் எடுக்க வேண்டும். முகவரி, தொழில், வருமானம் வரும் வழி, மாதாந்தம் எவ்வளவு பணம் வரும் என்பனவற்றை நிரப்பியதும் காணொளி அழைப்பு. உத்தியோகத்தர் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்பார், அட்டையை முகத்தருகே பிடிக்கச் சொல்வார், சில வேளை வெள்ளைத்தாளில் கையொப்பமிட்டுக் காட்டச் சொல்வார்.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1985 மார்ச் 15 பிறந்த பெண் ஒருவர், இறுதிப்போரில் இடம்பெயர்ந்து இப்போது முல்லைத்தீவில் மீள்குடியேறியிருக்கிறார். கையில் இருப்பது பழைய ஒன்பது இலக்க அட்டை. அதில் முதல் இரண்டு இலக்கங்கள் 85, பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகக் கொள்வதால் மார்ச் 15 என்பது 75ஆவது நாள். பெண்களுக்கு 500 கூட்டுவார்கள் என்பதால் அது 575 ஆகும். செயலி பன்னிரண்டு இலக்கம் கேட்டால் ஆண்டை 1985 என முழுதாக எழுதி, 575ஐ அப்படியே விட்டு, கடைசி நான்கு இலக்கங்களுக்கு முன்னால் ஒரு சுழியம் சேர்க்க வேண்டும். இறுதி எழுத்து விடப்படும். இந்த 575ஐ பிறப்புச் சான்றிதழின் திகதியோடு முதலே ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புப் பதிவு தொலைந்து, பின்னர் அனுமான வயதுச் சான்றிதழின் பேரில் அட்டை எடுத்தவர்களுக்கு இரண்டும் வேறுபடலாம். படிவத்தில் அட்டையில் உள்ள திகதியையே எழுத வேண்டும்.

அடுத்தது பெயர். பழைய அட்டைகளில் ஆங்கில எழுத்தில் பெயர் இல்லை. ஆனால் படிவம் ஆங்கிலத்தில் கேட்கும். கடவுச்சீட்டு இருந்தால் அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே எழுதுங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்ற குழப்பமும் இங்கேதான் வரும். வெளிநாட்டிலிருந்து சகோதரர் பணம் அனுப்பும்போது கணக்கில் உள்ள அதே வரிசையில், அதே எழுத்துக்களில் பெறுநர் பெயரை எழுத வேண்டும். இல்லாவிட்டால் பணம் இடையில் தங்கி நிற்கலாம்.

முகவரியைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். அட்டையில் பழைய ஊர் இருக்கிறது என்பதற்காக மட்டும் கணக்கு மறுக்கப்பட வேண்டியதில்லை. இப்போது இருக்கும் இடத்தை வேறோர் ஆவணத்தால் காட்ட வேண்டும். மின்சாரப் பட்டியல் மற்றவர் பெயரில் இருந்தால் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழை ஏற்பார்களா என்று அழைப்புக்கு முன்னரே கேளுங்கள். வங்கிக்கு வங்கி இது மாறும்.

முகப் பரிசோதனைதான் உண்மையில் கரடுமுரடானது. கண் சிமிட்டு, தலையைத் திருப்பு என்று செயலி சொல்லும். எறிகணைக் காயத்தால் ஒரு கண்ணை இழந்தவர், முகத்தில் தீக்காயம் உள்ளவர், அட்டைப் படம் இருபது வருடம் பழையதாக உள்ளவர் திரும்பத் திரும்பத் தோற்கலாம். அது அவருடைய பிழையல்ல. பல தடவை முயன்று விண்ணப்பம் பூட்டப்படுவதற்கு முன் நிறுத்தி, வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் காரணத்தைச் சொல்லி, கிளையில் நேரில் உறுதிப்படுத்தக் கேட்பதே நல்லது.

அழைப்பின்போது பக்கத்தில் யாராவது நின்று பதில் சொல்லிக்கொடுத்தால் உத்தியோகத்தருக்குச் சந்தேகம் வரும், அது நியாயமான சந்தேகம். "உன் பேரில் ஒரு கணக்குத் திறந்து அட்டையைத் தா, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் வந்து போனால், 2006ஆம் ஆண்டின் நிதியியல் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின்படி வங்கி அதை நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். விசாரணை முதலில் வருவது கணக்கின் பெயருக்குரியவரிடம். "சகோதரன் கனடாவிலிருந்து மாதம் 40,000 ரூபாய் அனுப்புவார்" என்று உள்ளதைச் சொன்னால் போதும். பின்னர் திடீரென அதைவிடப் பெரிய தொகை வந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள்.

இன்னொன்று. நீங்கள் செயலியில் தொடங்காத அழைப்பு "வங்கியிலிருந்து" வந்தால் துண்டித்துவிடுங்கள். உண்மையான உத்தியோகத்தர் அட்டையைக் காட்டச் சொல்வார். ஒருமுறைக் கடவுச்சொல்லையோ இரகசிய இலக்கத்தையோ வாயால் சொல்லச் சொல்லமாட்டார்.