இரணைமடு வெள்ளமும் பரிஸின் 51ஆம் பந்தியும்

2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு கனகராயன் ஆற்றுப் பக்கம் பெய்த மழையை வன்னிக்காரர் இலகுவில் மறக்கமாட்டார்கள். விடியப்புறம் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறபட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் தண்ணீருக்குள் போயின. காலபோக வயல் பச்சையாய் நின்ற நேரம் அது. புனரமைத்து உயர்த்திய குளத்தை ஜனாதிபதி மக்களிடம் கையளித்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது.

கதவுகளை நேரத்தோடு ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி அடுத்த நாளே எழுந்தது. பின்னர் மாகாண ஆளுநர் விசாரணைக் குழுவும் அமைத்தார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பழி முழுவதும் கதவோடு நின்றுவிட்டது. மழை ஏன் அப்படிப் பெய்தது என்று யாரும் கேட்கவில்லை.

காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடும். கேட்க இது சின்னத் தொகை. ஆனால் குளம் முட்டி நிற்கும் நாளில் கணக்கு வேறு. பாதிக் குளத்தில் விழும் மேலதிக மழையைக் குளம் பிடித்துக்கொள்ளும். நிரம்பிய குளத்தில் விழுவது வான் பாய்ந்து கீழே இருப்பவனின் வளவுக்குத்தான் போகும். அந்த இரவின் மழையில் எவ்வளவு பங்கு வெப்பமாதலால் வந்தது என்று சொல்ல, பல வருட மழைப் பதிவும் மாதிரிக் கணிப்பும் வேண்டும். கதவின் பங்கைப் பிரிக்க, மணிக்கு மணி எழுதிய நீர்மட்டக் குறிப்பும் திறந்த நேரமும் வேண்டும். மழைமானிகள் யுத்த காலத்தில் ஒழுங்காக வாசிக்கப்படாத ஒரு பிரதேசத்தில் முதலாவது கணக்கே கடினம்.

இதே வழக்கை உலக அரங்கில் முதலில் வைத்தவர்கள் தீவுக்காரர்கள். 1991இல், காலநிலைச் சாசனம் பேசப்பட்டுக்கொண்டிருந்தபோது, சிறு தீவு நாடுகள் சார்பில் வனுவாட்டு ஒரு யோசனை கொடுத்தது: கடல் மட்டம் உயர்ந்து வரும் இழப்புக்கு ஒரு காப்புறுதி நிதி, கைத்தொழில் நாடுகள் அதற்குக் கட்டவேண்டிய பணத்தில் பாதி அவரவர் வருமானப்படி, மற்றப் பாதி அவரவர் வெளியிடும் கரியமில வாயுப்படி. கணக்கு அவ்வளவு நேராக இருந்ததாலோ என்னவோ, அது ஏற்கப்படவில்லை. 2013இல் வார்சோவில் ‘இழப்பும் சேதமும்’ என்ற பெயரில் ஒரு பொறிமுறை வந்தது. 2015 பரிஸ் உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரை அதற்குத் தனி இடம் கொடுத்தது. ஆனால் அதோடு வந்த தீர்மானத்தின் 51ஆம் பந்தி, அந்த உறுப்புரை பொறுப்புக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படையாகாது என்று எழுதிவைத்தது. அமெரிக்கா கேட்டு வாங்கிய வரி அது. சேதம் உண்டு, கடன்காரன் இல்லை என்ற மாதிரி.

2022இல் பாகிஸ்தான் வெள்ளத்தில் மூழ்கிய பிறகுதான் ஷர்ம் அல்-ஷெய்க்கில் நிதியம் ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அடுத்த வருடம் துபாயில் வாக்களிக்கப்பட்டது சுமார் 700 மில்லியன் டொலர். அதில் அமெரிக்காவின் பங்கு 17.5 மில்லியன். ஆளுக்கு வருடம் 14 தொன் அளவில் கரியமில வாயு விடும் நாடு அது. இலங்கையர் விடுவது ஒரு தொன்னளவு.

2025இல் நிதியம் முதற்கட்டமாக 250 மில்லியனை ஒதுக்கியது. ஒரு விண்ணப்பத்துக்கு 5 முதல் 20 மில்லியன் வரை. அதில் குறைந்தது பாதி, மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகளுக்கும் சிறு தீவு நாடுகளுக்கும். இலங்கை தீவுதான், ஆனால் அந்தப் பட்டியலில் இல்லை, மாலைதீவு இருக்கிறது. குறைந்த வளர்ச்சிப் பட்டியலிலும் நாங்கள் இல்லை. ஆகவே மிச்சப் பாதிக்குள் பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் போன்ற பெரிய நாடுகளோடு நின்று கேட்கவேண்டும். 2022இல் கடன் கட்டமுடியாமல் நின்ற நாடு என்பது அந்தப் பட்டியலை மாற்றவில்லை.

சரி, பணம் வந்தது என்றே வைப்போம். கிளிநொச்சியில் மூன்று ஏக்கர் நெல் அழிந்த ஒருவரை எடுங்கள். அப்போதைய பயிர்க் காப்புறுதியின் உச்சம் ஏக்கருக்கு 40,000 ரூபாய். முழுதும் கிடைத்தால் 1,20,000. செத்த மாடும், நனைந்த விதைநெல்லும், உரக்கடைக் கடனும் அந்தக் கணக்கில் வராது. வயல் குத்தகைக் காணி என்றால் இன்னும் சிக்கல். பதிவில் இருக்கும் பெயர் காணிக்காரரின் பெயர்.

எங்கள் சமூகத்துக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. 1990 ஒக்ரோபரில் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டு 2009க்குப் பின் திரும்பியவர்களில் எத்தனையோ பேரிடம் உறுதியும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. இழப்புப் பட்டியல் கிராம அலுவலரிடம் தொடங்கி, பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம் என்று ஏறி, கொழும்பு வழியாகத்தான் வெளியே போகும். முதல் படியில் பெயர் எழுதப்படாத வீடு கடைசிப் படியில் எந்த நிதியத்தின் கண்ணிலும் படாது. இன்றைக்கு நீராவிப்பிட்டியில் தண்ணீர் ஏறினால், எந்த மட்டம் வரை ஏறியது, என்ன போனது, யாருடைய கையிருப்பு என்று அன்றே படத்தோடும் திகதியோடும் எழுதி, ஜி.எஸ்ஸிடம் ஒப்பம் வாங்கி, ஒரு பிரதியைப் பள்ளிவாசலில் வைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.